ஆற்றலை அளந்த எண்: சதுரங்கத் தரப்புள்ளி முறையின் வரலாறும் அதன் எல்லைகளும்

முன்பின் அறியாத இருவரை ஆட்டப் பலகையின் இரு புறங்களிலும் அமர்த்துவதாயின், அவர்கள் ஒருவருக்கொருவர் நிகரானவர்களா என்பதை எவ்வாறு அறிவது? ஊர்ச் சதுரங்கக் கழகமொன்றிலே இவ்வினா எழுவதில்லை. அங்கு யார் வல்லவர், யார் பயில்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயின் நகர்களுக்கிடையிலும் நாடுகளுக்கிடையிலும் போட்டிகள் விரிவடைந்த காலத்தில் இவ்வறிவு போதாதாயிற்று. இன்று இணையவழி ஆடும் ஒருவர் கண்டத்தின் மறுகோடியில் இருக்கும், பெயரே அறியாத ஒருவரோடு சில விநாடிகளுள் சோடி சேர்க்கப்படுகிறார். அவ்விருவரையும் இணைப்பது ஓர் எண் மாத்திரமே. தரப்புள்ளி எனப்படும் அவ்வெண் எங்கிருந்து வந்தது, அது எதனைக் கூறுகின்றது, எவ்விடத்தில் அது பிழைக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எலோவுக்கு முன்

வல்லமையை வரிசைப்படுத்தும் எண்ணம் புதியதன்று. யப்பானிலே கோ எனப்படும் கல்லாட்டத்தில் ஒன்பது தரங்களைக் கொண்ட வரிசைமுறை பதினேழாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அங்கு தரவேறுபாடு வெறும் பட்டமாக நின்றுவிடவில்லை. வலிமை குறைந்தவர் ஆட்டத் தொடக்கத்திலேயே பலகையில் சில கற்களை மேலதிகமாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார். இன்றும் பயில்நிலை ஆட்டக்காரரிடையே ஒரு தர வேறுபாட்டுக்கு ஒரு கல் என்பதே பொது வழக்கு. அஃதாவது, சமமற்றவர்களைச் சமமாக்கும் வழி ஆட்டத்துக்குள்ளேயே அமைந்திருந்தது. சதுரங்கத்தில் அவ்வாறான வசதி இல்லை. காயொன்றை விட்டுக்கொடுத்து ஆடும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலாக இருந்தபோதிலும், காயை இழந்த ஆட்டம் வேறோர் ஆட்டமாகவே மாறிவிடுவதனால் அது போட்டி மேடையிலிருந்து மறைந்தது. எனவே சதுரங்கம் சமமானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தேடுவதற்கு அளவுகோல் தேவைப்பட்டது.

இத்துறையில் கணித அடிப்படையிலான முதல் முயற்சியைச் செய்தவர் செர்மானியக் கணித அறிஞரான ஏர்னஸ்ற் செர்மெலோ ஆவார். 1929இல் வெளியான கட்டுரையொன்றில், போட்டியொன்றின் முடிவுகளிலிருந்து ஒவ்வொருவரின் வலிமையையும் நிகழ்தகவின் துணைகொண்டு கணிக்கும் வழியை அவர் காட்டினார். ஆயினும் சதுரங்க அமைப்புகள் நடைமுறையில் எளிய வழிகளையே நாடின. செர்மனியில் 1948இல் அன்ரன் ஹோஸ்லிங்கர் வகுத்த இங்கோ முறையில் எண் குறையக் குறைய வலிமை கூடியதாகக் கொள்ளப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் கென்னத் ஹார்க்னெஸ் வகுத்த முறையை அந்நாட்டுச் சதுரங்கச் சம்மேளனம் 1950 முதல் கையாண்டது.

ஹார்க்னெஸ் முறை மிக எளியது. ஒருவர் ஒரு போட்டியில் சந்தித்த எதிராளிகளின் சராசரித் தரப்புள்ளி முதலிற் கணிக்கப்படும். அவர் பாதி வெற்றி பெற்றால் அச்சராசரியே அவரது ஆட்டமதிப்பு. ஐம்பது சதவீதத்துக்கு மேல் பெறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கூட்டப்படும். குறையும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கழிக்கப்படும். கடதாசியும் பென்சிலும் இருந்தால் எவரும் கணிக்கலாம். ஆயின் இவ்வெளிமையில் ஒரு பெருங்குறை மறைந்திருந்தது. 1500 புள்ளியுடைய ஒருவர் சராசரி 2100 புள்ளியுடையவர்களை எதிர்கொண்டு ஓர் ஆட்டத்திலேனும் வெல்லாது தோற்றுவிடுகிறார் எனக் கொள்வோம். அவர் பெற்ற வெற்றி பூச்சியம் சதவீதம். எனவே 500 புள்ளி கழிக்கப்படும். அவரது ஆட்டமதிப்பு 1600 ஆகிறது. எல்லா ஆட்டங்களிலும் தோற்றவர் முன்னிலும் உயர்ந்த மதிப்புடன் வீடு திரும்புகிறார்! இம்முறை பொய்யுரைக்கவில்லை; அது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. ஒருவர் எவ்வளவு பெற்றார் என்பதை மட்டும் அது பார்த்தது. அவர் எவ்வளவு பெறுவார் என எதிர்பார்க்கப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை.

எலோவின் மாற்றம்

இக்குறையை நீக்கியவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் 1903இல் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர், மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெற் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தவர். விஸ்கொன்சின் மாநிலச் சதுரங்க வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அளத்தல் என்பது பௌதிகவியலாளருக்குப் பழக்கமான தொழில். ஒரே பொருளை நூறுமுறை அளந்தால் நூறு அளவுகளும் சிறிது சிறிது வேறுபடும் என்பதும், அவை ஓர் உண்மை மதிப்பைச் சூழ்ந்து பரவியிருக்கும் என்பதும் அவர் அறிந்தவை. சதுரங்க ஆட்டக்காரரின் திறனையும் அவர் அவ்வாறே நோக்கினார். ஒருவர் ஒருநாள் நன்றாக ஆடுவார். மறுநாள் சோர்வாக ஆடுவார். அவரது ஆட்டத்தரம் ஒரு சராசரியைச் சுற்றிச் செவ்வன் பரம்பலாக அமையும் எனக் கொண்டு, அதன் நியம விலகலை 200 புள்ளி என எலோ வகுத்தார். இருவர் மோதும்போது யார் வெல்வார் என உறுதியாகக் கூற இயலாது; ஆனால் நூறு ஆட்டங்களில் ஒவ்வொருவரும் எத்தனை புள்ளி பெறுவர் என்பதை இரு சராசரிகளின் வேறுபாட்டிலிருந்து எதிர்வுகூறலாம்.

அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் இம்முறையை 1960இல் ஏற்றுக்கொண்டது. உலகச் சதுரங்கச் சம்மேளனமாகிய பிடே 1970இல் அதனை ஏற்றது. எலோ தமது ஆய்வை 1978இல் நூலாக வெளியிட்டார், 1992இல் காலமானார். அவரது பெயர் இன்று ஓர் அலகின் பெயராகவே வழங்குகின்றது. பலர் அதனைச் சுருக்கக் குறியீடு எனக் கருதிப் பெரிய எழுத்துகளால் எழுதுவதுமுண்டு. அது ஒரு மனிதரின் பெயர் மாத்திரமே.

இன்று பெரும்பாலும் கையாளப்படும் வடிவில் எதிர்பார்ப்பைக் கணிக்கும் சமன்பாடு வருமாறு:

```
E = 1 / (1 + 10^((Rb - Ra)/400))
Ra' = Ra + K (S - E)
```

இங்கு Ra, Rb என்பன இருவரின் தரப்புள்ளிகள். E என்பது முதலாமவரிடம் எதிர்பார்க்கப்படும் பெறுபேறு. S என்பது அவர் உண்மையிற் பெற்றது. வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை, தோல்விக்கு 0. K என்பது ஓர் ஆட்டம் எவ்வளவு தூரம் எண்ணை அசைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் மாறிலி. பிடே அமைப்பில் புதியவர்களுக்கு இது 40. 2400ஐ எட்டியவர்களுக்கு 10. ஏனையோர்க்குப் பொதுவாக 20.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 1600 புள்ளியுடைய ஒருவர் 1800 புள்ளியுடையவரைச் சந்திக்கிறார், K இருபது. வேறுபாடு 200 ஆதலால் குறைந்தவரிடம் எதிர்பார்க்கப்படும் பெறுபேறு 0.24. அவர் வென்றால் 15.2 புள்ளி பெறுகிறார். சமநிலை கண்டால் 5.2 பெறுகிறார், தோற்றால் 4.8 மாத்திரமே இழக்கிறார். எதிராளி பெறுவதும் இழப்பதும் இவற்றின் மறுதலை. இவ்விருவரும் நூறு ஆட்டங்கள் ஆடி, குறைந்தவர் 24 புள்ளியும் மற்றவர் 76 புள்ளியும் பெற்றால் எவருடைய எண்ணும் ஏறத்தாழ மாறுவதில்லை. அஃதாவது, இம்முறையில் வெற்றிக்குப் பரிசு இல்லை. எதிர்பார்ப்பை மிஞ்சியதற்கே பரிசு. தோல்விக்குத் தண்டனை இல்லை. எதிர்பார்ப்புக்குக் குறைந்ததற்கே தண்டனை. ஹார்க்னெஸ் முறையில் தோற்றே ஏறியவர் இங்கு ஏற முடியாது.

இச்சமன்பாட்டில் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். அதில் Ra என்பதோ Rb என்பதோ தனித்துப் பொருள் தருவதில்லை. அவற்றின் வேறுபாடே பொருள் தருகிறது. எல்லோருடைய எண்ணுடனும் ஆயிரத்தைக் கூட்டினாலும் ஓர் எதிர்வுகூறலேனும் மாறாது. ஆகவே 1800 என்பது உயரத்தையோ நிறையையோ போன்ற அளவன்று. குறிப்பிட்ட ஓர் ஆட்டக் குழாத்தினுள், ஏனையோரோடு ஒப்பிட்டு, ஒருவர் நிற்கும் இடத்தையே அது சுட்டுகின்றது. இவ்வுண்மையை மறந்த இடங்களிலெல்லாம் இம்முறை தடுமாறியிருக்கின்றது.

சிறைச்சாலையில் எழுந்த இரண்டாம் இடம்

அத்தடுமாற்றத்துக்குச் சிறந்த சான்று அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துச் சிறையொன்றிலே கிடைக்கின்றது. கொலைக்குற்றத்துக்காக அங்கு ஆயுட்காலச் சிறையிலிருந்த குளோட் பிளட்குட் என்பவர் சதுரங்கத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். ஆரம்ப நகர்வுகள் பற்றி நூல்களும் எழுதியவர். சிறையினுள்ளே அவர் பல ஆண்டுகளாகப் போட்டிகளை ஒழுங்குசெய்து, அவற்றின் முடிவுகளைச் சம்மேளனத்துக்கு அனுப்பிவந்தார். 1996இல் அவரது தரப்புள்ளி 2702ஆக உயர்ந்தது. ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் அவ்வெண்ணால் அவர் இரண்டாம் இடத்தில் நின்றார். அவர் வல்ல ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. ஆயின் நாட்டின் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் அவரல்லர் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

இவ்வெண் எவ்வாறு உருவாகலாம் என்பதைக் கணக்கிட்டுக் காண்பது பயனுடையது. எலோ முறையில் இருவர் ஆடும்போது ஒருவர் இழப்பதை மற்றவர் பெறுவதனால், K சமமாக இருக்கும்வரை மொத்தப் புள்ளி மாறுவதில்லை. ஆனால் குழாத்தினுள் புதியவர் ஒருவர் நுழையும்போது அவருடன் புதிய புள்ளிகளும் நுழைகின்றன. புதியவரின் முதலெண்ணைக் கணிப்பதற்கு அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய எளிய வழி, எதிராளியின் புள்ளியுடன் வெற்றிக்கு 400ஐக் கூட்டுவதும் தோல்விக்கு 400ஐக் கழிப்பதுமாகும். 2400 புள்ளியுடைய ஒருவரோடு மட்டும் ஆடி எல்லா ஆட்டங்களிலும் தோற்ற புதியவருக்கு இவ்வழியால் 2000 புள்ளி கிடைக்கும். அவர் காய்களை நகர்த்த மட்டும் அறிந்தவராக இருப்பினும் அவ்வெண்ணே கிடைக்கும். வெளியுலகில் 2000 என்பது தேர்ந்த ஆட்டக்காரரின் எண்.

இனி அப்புதியவரோடு 2400 புள்ளியுடையவர் மீண்டும் ஆடுகிறார். வேறுபாடு 400 ஆதலால் வல்லவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.91. உண்மையிலோ அவர் ஒவ்வொரு முறையும் வெல்கிறார். K பதினாறு எனக் கொண்டால் ஒவ்வொரு வெற்றியும் ஏறத்தாழ ஒன்றரைப் புள்ளியை அவருக்குச் சேர்க்கிறது. ஒரு வெற்றியில் ஒன்றரைப் புள்ளி அற்பமாகத் தோன்றும். வெளியுலக ஆட்டக்காரர் ஓர் ஆண்டில் சில பத்து ஆட்டங்களையே ஆடுவார். ஆனால் வேறு வேலையற்ற சிறைவாசத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடப்படலாம். ஒருவரின் எண் வற்றிவிடும்போது இன்னொரு புதியவர் இன்னொரு 2000த்தோடு வருகிறார். வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே சென்று ஆடுவதில்லை. உள்ளிருப்பவர் வெளியே வந்து ஆட இயலாது. எனவே வீங்கிய புள்ளிகளைத் திருத்துவதற்கு வழியேயில்லை.

பிளட்குட் திட்டமிட்டு இதனைச் செய்தாரெனச் சிலர் குற்றஞ்சாட்டினர். அவர் அதனை மறுத்தார். அவ்வழக்கை இங்கு தீர்க்க வேண்டியதில்லை. எவரும் ஏமாற்றாத இடத்திலும் மூடிய குழாம் இவ்வாறே நடந்துகொள்ளும் என்பதே முக்கியமானது. இந்நிகழ்ச்சியின் பின்னர் சம்மேளனம் மூடிய குழாங்களில் நேரும் வீக்கத்தைத் தடுக்கும் வகையில் தன் முறையை மாற்றியமைத்தது. பிளட்குட் 2001இல் சிறையிலேயே இறந்தார்.

வீக்கத்துக்கு எதிரான நோயும் உண்டு. பிடே பட்டியலில் தொடக்கத்தில் பொதுவாக 2200க்கு மேற்பட்டவர்களே இடம்பெற்றனர். காலப்போக்கில் அவ்வெல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2012இல் 1000 வரை இறக்கப்பட்டது. இதனால் உலகெங்குமுள்ள சிறுவர்கள் மிகக் குறைந்த எண்களோடு பட்டியலில் நுழைந்தனர். சிறுவனொருவன் 1100இல் நுழைந்து, ஓராண்டில் 1600க்குரிய வலிமையைப் பெறுகிறான். ஆனால் அவனது எண் அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் அவனிடம் தோற்கும் ஒவ்வொருவரும் தம் வலிமை குன்றாதபோதும் புள்ளிகளை இழக்கின்றனர். பல நாடுகளில் ஆண்டாண்டாக இது நிகழ்ந்தமையால் கீழ்த்தட்டு எண்கள் யாவும் உண்மை வலிமையினும் தாழ்ந்தன. இதனைச் சீராக்கும் பொருட்டுப் பிடே 2024 மார்ச்சில் 2000க்குக் குறைந்த எல்லோருடைய எண்ணையும் ஒரேநாளில் உயர்த்தியது. 2000க்கும் ஒருவரது எண்ணுக்குமுள்ள வேறுபாட்டில் ஐந்தில் இரு பங்கு அவருக்குக் கூட்டப்பட்டது. 1000 புள்ளியுடையவர் 1400 ஆனார். 1500 உடையவர் 1700 ஆனார். அளவுகோல் சுருங்கியபோது அளக்கப்பட்டவர்கள் மீது பழிபோடாமல், அளவுகோலையே திருத்திய செயலாக இதனைக் கொள்ளலாம்.

இணையமும் ஐயத்தின் அளவும்

சதுரங்க ஆட்டங்களை வலையமைப்பின் மூலம் நடத்தும் வழங்கி 1992இல் இயங்கத் தொடங்கியது. 1995இல் அது கட்டணம் அறவிடும் நிறுவனமாக மாறவே, இலவசமாக ஆட விரும்பியோர் தனியானதொரு வழங்கியை நிறுவினர். இங்கு நிலைமை அடிப்படையிலேயே மாறியது. போட்டி மேடையிலே எதிராளியை நடுவர் தீர்மானிப்பார். வழங்கியிலோ ஆட்டக்காரர் தாமே அழைப்பு விடுத்தார். வந்தவரை ஏற்கவும் மறுக்கவும் செய்தார். தம் எண்ணைக் காக்க விரும்பியவர் எவருடன் ஆடுவது இலாபம் எனத் தேர்ந்தெடுக்கலானார். புதியவர் ஒருவரின் முதலெண் அவரது உண்மை வலிமைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதும் தெரியாது. ஒரு வல்லவர் புதுப் பெயரோடு நுழைந்தால், அவரது எண் சரியான இடத்தை அடையும்வரை அவரிடம் தோற்பவர்கள் அநியாயமாகப் புள்ளிகளை இழந்தனர்.

இக்குறைக்கு விடை தந்தவர் புள்ளிவிபரவியலாளரான மார்க் கிளிக்மன். 1995இல் அவர் வகுத்த கிளிக்கோ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தரப்புள்ளி, மற்றையது அத்தரப்புள்ளியை எவ்வளவுக்கு நம்பலாம் எனக் காட்டும் விலகல். விலகலின் இரு மடங்கை இரு புறமும் கொண்டால், உண்மை வலிமை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்புடன் அவ்வெல்லைக்குள் இருக்கும். 1800 புள்ளியும் 40 விலகலும் உடையவர் 1720க்கும் 1880க்கும் இடையில் இருக்கிறார் எனக் கொள்ளலாம். 1500 புள்ளியும் 350 விலகலும் கொண்ட புதியவரோ 800க்கும் 2200க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அவரது 1500 என்பது ஒரு கூற்றன்று, அறியாமையின் மறுபெயர்.

இவ்விருவரும் மோதினால் நேர்வதென்ன? எலோ முறையில் K சமமாயின் ஒருவர் பெறுவதை மற்றவர் இழப்பார். கிளிக்கோ முறையில் அவ்வாறன்று. புதியவரின் எண் ஓர் ஆட்டத்தாலேயே நூறு புள்ளிக்கு மேலும் நகரலாம். ஏனெனில் அவரைப் பற்றி அறியப்பட்டது சொற்பம். பழையவரின் எண் மிகச் சிறிதே நகரும். ஏனெனில் அவரைப் பற்றி ஏற்கெனவே அதிகம் அறியப்பட்டுள்ளது. அன்றியும், யாரென்று தெரியாத ஒருவரிடம் தோற்றமை அவரைப் பற்றி அதிகம் கூறுவதில்லை. ஆடாதிருக்கும் காலத்தில் விலகல் மெல்ல மெல்லக் கூடுகிறது. ஓராண்டு ஆடாது திரும்பியவர் ஓரளவு புதியவராகவே கருதப்படுகிறார். கிளிக்மன் பின்னர் வகுத்த இரண்டாவது வடிவில், ஒருவரின் பெறுபேறு எவ்வளவு நிலையற்றது என்பதைக் குறிக்கும் மூன்றாவது எண்ணும் சேர்க்கப்பட்டது. இன்று லிச்செஸ் எனும் இலவசத் தளம் அவ்வடிவையே கையாள்கின்றது. புதியவர் அங்கு 1500இல் தொடங்குகிறார். விலகல் போதிய அளவு குறையும்வரை அவரது எண்ணுக்கு அருகில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அக்குறி அழகுக்காக வைக்கப்பட்டதன்று.

லிச்செஸ் தளத்து 1500உம் பிடே பட்டியலின் 1500உம் ஒன்றல்ல என்பதையும் இங்கு சேர்த்துக் கூறுதல் வேண்டும். இரண்டும் இரு வேறு குழாங்களின் எண்கள். முன்னையதில் அது தொடக்கப் புள்ளி. பின்னையதில் அது நேர்முகப் போட்டிகளில் ஆடி ஈட்டப்பட்டது. ஒன்றை மற்றொன்றால் மதிப்பிடுதல் இரு நாட்டு நாணயங்களை மாற்றுவீதம் பாராது ஒன்றாக எண்ணுவதை ஒக்கும்.

சொல்லாட்டத்தில் நல்வாய்ப்பின் பங்கு

இம்முறை சதுரங்கத்துக்கென வகுக்கப்பட்டதாயினும் ஸ்கிரபிள் முதலிய சொல்லாட்டங்களுக்கும் பரவியது. அங்கு ஒரு புதிய சிக்கல் தோன்றுகிறது. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்முன் உள்ளன. சொல்லாட்டத்திலோ எழுத்துக் கட்டைகள் பையிலிருந்து குருட்டுவாக்கில் எடுக்கப்படுகின்றன. தேர்ந்தவர் ஒருவருக்குத் தொடர்ந்து உயிரெழுத்துகளே வாய்த்தால், கற்றுக்குட்டியிடமும் அவர் தோற்கலாம். இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, முதல்வருக்கும் கடையருக்கும் இடையிலுள்ள எண் இடைவெளி சுருங்குகிறது. இரண்டாவதாக, பெரும் இடைவெளிகளில் சமன்பாடு வல்லவருக்கு அளவுக்கு மிஞ்சிய வெற்றியை எதிர்பார்க்கிறது. இடைவெளி கூடக்கூட அது நூற்றுக்கு நூறை நெருங்குகிறது. பையிலிருக்கும் கட்டைகளோ நூற்றுக்குச் சில ஆட்டங்களை எப்போதும் எளியவருக்குக் கொடுத்துவிடுகின்றன. எனவே தம்மிலும் மிகக் குறைந்தவர்களோடு அடிக்கடி ஆடும் சொல்லாட்ட வல்லவர் தவறேதும் செய்யாமலே புள்ளிகளை இழக்க நேர்கிறது. அவர் அவர்களைத் தவிர்க்க முயல்வதும் இயல்பே. அருகருகான எண்ணுடையவர்களையே சோடி சேர்த்தல் இங்கு நாகரிகம் மாத்திரமன்று, கணக்கின் தேவையுமாகும்.

நீதியை எவ்வாறு அறிவது?

போட்டி மனப்பான்மையுடன் ஆடும் ஒருவர் தமக்கு நியாயமான எதிராளிகள் தரப்படுகின்றனரா என்பதை எவ்வாறு அறியலாம்? மேற்கூறிய வரலாற்றிலிருந்தே விடை கிடைக்கின்றது. நிகரானவர்களையே தரும் ஒழுங்கில் ஒருவர் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்பார். பாதி தோல்வி என்பது முன்னேற்றமின்மையின் அடையாளமன்று. சோடி சேர்த்தல் சரியாக நடைபெறுகிறது என்பதன் அடையாளம். எப்போதும் வெல்கின்ற ஒருவர் தமக்கு நிகரற்றவர்களோடு ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதே பொருள்.

எண்ணின் இயல்பான அசைவையும் அறிதல் வேண்டும். சமநிலை முடிவுகள் இல்லாத ஆட்டமொன்றில், நிகரானவரோடு பத்து ஆட்டங்கள் ஆடும் ஒருவர் எட்டோ அதற்கு மேலோ வெல்வதற்கு ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. K இருபதாயின் எட்டு வெற்றி 60 புள்ளியை உயர்த்தும். எட்டுத் தோல்வி 60 புள்ளியைத் தாழ்த்தும். இரண்டும் வலிமையில் எவ்வித மாற்றமுமின்றியே நிகழலாம். நூறு ஆட்டங்களில்கூட 45 முதல் 55 வரை பெறுவது எதனையும் நிரூபிப்பதில்லை. ஆகவே ஓர் இரவின் தோல்விகளைக் கொண்டு முறையைக் குறைகூறுதல் தகாது. ஆட்டத்துக்கு முன்னர் இருந்த இரு எண்களையும் குறித்துவைத்து, ஒவ்வோர் ஆட்டத்தின் எதிர்பார்ப்பையும் கூட்டி, நூறு ஆட்டங்களின் பின் உண்மைப் பெறுபேற்றோடு ஒப்பிடுவதே சரியான சோதனை. எதிர்பார்ப்பு 50 ஆகவும் பெறுபேறு 30 ஆகவும் இருப்பின், அதனை வெறும் துரதிர்ஷ்டம் எனக் கொள்ள முடியாது. அவரது எண் உண்மைக்கு மிஞ்சியிருக்கலாம்; அல்லது எதிராளிகளின் எண்கள் உண்மைக்குக் குறைந்திருக்கலாம்; அல்லது அவர்களுட் சிலர் கணனியின் துணையோடு ஆடியிருக்கலாம்.

எதிராளிகளின் எண்கள் உண்மைக்குக் குறைந்திருப்பதற்கு ஒரு தீய காரணமும் உண்டு. குறைந்த புள்ளியாளருக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் பரிசு பெறும் பொருட்டு, வேண்டுமென்றே தோற்று எண்ணை இறக்கிக்கொள்வோர் பரிசுப்பணமுள்ள போட்டிகளில் எப்போதும் இருந்துள்ளனர். அமெரிக்கச் சம்மேளனம் இதற்கெதிராகத் தரைமட்டம் எனும் விதியை அமைத்தது. ஒருவர் அடைந்த உச்ச எண்ணிலிருந்து 200ஐக் கழித்து, எஞ்சியதன் கடைசி இரு இலக்கங்களைப் பூச்சியமாக்கினால் கிடைப்பதே அவரது தரைமட்டம். 1941ஐ எட்டியவர் 1700க்குக் கீழ் இறங்க முடியாது. ஆயின் இவ்விதியும் விலையின்றிக் கிடைக்கவில்லை. தரைமட்டத்தில் நிற்பவர் முதுமையாலோ நோயாலோ உண்மையாகவே வலிமை குன்றியிருப்பின், அவர் தோற்கும்போது வென்றவர் புள்ளி பெறுகிறார். தோற்றவர் எதனையும் இழப்பதில்லை. எங்கிருந்தோ புதிய புள்ளிகள் பிறக்கின்றன. சிறைச்சாலையிலே கண்ட வீக்கம் வேறொரு வாயிலால் மீண்டும் நுழைகிறது.

இணைய வழங்கிகளுக்கு இன்னுமொரு தவிர்க்க இயலாத எல்லை உண்டு. நிகரானவரைத் தேடுவதற்கு ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். நடுத்தர எண்ணுடையவருக்கு எந்நேரமும் பலர் கிடைப்பர். மிக உயர்ந்த எண்ணுடையவருக்கோ, நள்ளிரவில் ஆடுபவருக்கோ, ஆட்டக்காரர் தொகை குறைந்த விளையாட்டை நாடுபவருக்கோ நிகரானவர் அரிதாகவே கிடைப்பார். அவ்வேளைகளில் தேடும் எல்லை விரிக்கப்படுகிறது. இல்லையேல் ஆட்டமே கிடைக்காது. அன்றியும் சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களுக்குச் சிறிய சாதகம் உண்டு. எலோவின் சமன்பாடு அதனைக் கருதுவதில்லை. ஆகவே இரு நிறங்களையும் மாறிமாறிக் கொடுத்தல் அவசியமாகிறது. கோ ஆட்டத்திலே இதே குறை, வெள்ளைக்குச் சில புள்ளிகளை ஈடாகக் கொடுப்பதன் மூலம் நீக்கப்படுகிறது. யப்பானிய விதிப்படி அது இன்று ஆறரைப் புள்ளி. சீன விதிப்படி ஏழரைப் புள்ளி.

ஹார்க்னெஸ் தொடக்கம் கிளிக்மன் வரையிலான இவ்வரலாற்றில் ஒவ்வொரு திருத்தமும் முன்னைய முறை யாரோ ஒருவருக்கு இழைத்த அநீதியைக் கண்டறிந்ததன் பயனாகவே எழுந்தது. தோற்றே ஏறியவரைக் கண்டபோது எதிர்பார்ப்பு எனும் கருத்து நுழைந்தது. மூடிய சிறையில் வீங்கிய எண்ணைக் கண்டபோது குழாத்தின் எல்லை உணரப்பட்டது. புதியவரிடம் தோற்றவரின் இழப்பைக் கண்டபோது ஐயமும் ஓர் எண்ணாக எழுதப்பட்டது. சிறுவர்களிடம் புள்ளி இழந்தவர்களைக் கண்டபோது பட்டியலே உயர்த்தப்பட்டது. எண்ணொன்று ஒருவரின் திறனை முற்றாகக் கூறிவிட்டது என நம்பியவர்கள் இத்திருத்தங்களுள் எதனையும் செய்திருக்க இயலாது. அவ்வெண் எவருடன் ஆடிப் பெறப்பட்டது, எத்தனை ஆட்டங்களில் பெறப்பட்டது எனும் இரு வினாக்களையும் உடன் கேட்டவர்களே அவற்றைச் செய்தனர். நியாயமான எதிராளியைத் தேடும் ஆட்டக்காரரும் தம் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கவேண்டியவை அவ்விரு வினாக்களே.